ஒப்புதல் இல்லாமல் கழிக்கப்பட்ட ₹14.62 லட்சம்: ஒரு மசாலா உற்பத்தியாளரின் டெபிட் நோட் வழக்கு

பின்னணி

இதில் வரும் நிறுவனம் ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி போன்றவற்றை அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் குடும்பத் தொழில். 2021இல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்று, சிறு நிறுவனம் என்ற வகையில் இருக்கிறது. 2022இல் நாடு முழுவதும் கடைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய சில்லறை விற்பனைச் சங்கிலியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, சென்னைக்கு அருகிலுள்ள அதன் கிடங்குக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கியது. 2023-24 நிதியாண்டில் அந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ₹1.90 கோடிக்கு விற்பனை நடந்தது. நிறுவனத்தின் மொத்த விற்பனையில் அது ஏறக்குறைய 38 சதவீதம். அந்நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கும் ஆலோசகன் என்ற முறையில் இந்தத் தகராறில் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்தேன்.

ஒப்பந்தத்தின் மூன்று விதிகள் பின்னால் நடந்தவற்றுக்கு அடிப்படையாக அமைந்தன. முதலாவது, இது நேரடிக் கொள்முதல். விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்குத் திரும்பும் என்ற ஏற்பாடு அல்ல. இரண்டாவது, சங்கிலிக்கு எம்ஆர்பியில் 25 சதவீதம் மார்ஜின். மூன்றாவது, காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பில்லிலும் 2 சதவீதம் ‘எக்ஸ்பைரி அலவன்ஸ்’ முன்கூட்டியே கழித்துத் தரப்படும். ₹1.90 கோடி விற்பனையில் இந்த அலவன்ஸ் மட்டும் ₹3.80 லட்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றோடு, சப்ளையருக்குப் பாதகமான இரண்டு விதிகளும் அதே ஒப்பந்தத்தில் இருந்தன. சப்ளையர் தர வேண்டிய எந்தத் தொகையையும் அவருக்குச் சேர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. சப்ளையரின் பணத்தில் கழிக்கும் தொகைக்குச் சங்கிலி எழுதும் குறிப்பே டெபிட் நோட்; ஆதார ஆவணங்களோடு வெண்டர் போர்ட்டலில் ஏற்றப்பட்ட அத்தகைய நோட்டுக்கு 7 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது மற்றொன்று. கடன் காலம் 60 நாள் என்று எழுதப்பட்டிருந்தது. குறு, சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது.

பிப்ரவரி, மார்ச் 2024: கழிவு தெரியவந்தது

பிப்ரவரி இறுதியிலும் மார்ச் இறுதியிலும் இரண்டு தவணைகளில் வர வேண்டிய பில் தொகை ₹31.70 லட்சம். வங்கிக் கணக்குக்கு வந்ததோ ₹17.08 லட்சம். பணத்தோடு வந்த பேமென்ட் அட்வைஸில், மீதி ₹14.62 லட்சத்துக்கு எதிரே 41 டெபிட் நோட் எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றில் 23 நோட்டுகள், மொத்தம் ₹8.94 லட்சம், சரக்குத் திரும்பியதாகச் சொன்னவை. மற்ற 18 நோட்டுகள், ₹5.68 லட்சம், ‘மார்ஜின் ஷார்ட்ஃபால்’ என்ற ஒற்றை வரியோடு வந்தவை. எந்தக் கடையில், எந்தத் தேதியில், எத்தனை பாக்கெட் என்ற விவரப் பட்டியல் எதனோடும் இணைக்கப்படவில்லை.

கழிவுகள் இப்படி ஆண்டு முடிவில் குவிந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கொள்முதல் பிரிவினருக்கு மார்ஜின் இலக்கு உண்டு. ஆண்டு முடியும்போது அதில் விழும் பள்ளத்தைச் சப்ளையர்களின் கணக்கிலிருந்து நிரப்புவது இத்துறையில் பலரும் பார்த்துப் பழகிய வழக்கம். அந்த ஆண்டு இன்னொரு அழுத்தமும் சேர்ந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற 43பி(எச்) விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்திருந்தது. மார்ச் 31க்குள் நிலுவையைக் குறைத்துக் காட்டுவது வாங்குவோர் எல்லோருக்கும் அவசரமாயிற்று.

நிறுவன உரிமையாளரின் முதல் எண்ணம், உடனே சப்ளையை நிறுத்துவது. அவருடைய மகன், எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு உறவைக் காப்பாற்றிக்கொள்வோம் என்றார். எந்த நோட்டு சரி, எந்த நோட்டு தவறு என்று தெரியாமல் இரண்டில் எதையும் செய்ய வேண்டாம் என்றும், 41 நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றும் சொன்னேன். அதுவே முதல் முடிவாயிற்று.

அதே நாளில் சங்கிலியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். 41 எண்களையும் குறிப்பிட்டு, இவை எதையும் ஏற்கவில்லை என்றும், ஆதார ஆவணங்கள் ஏற்றப்படாததால் 7 நாள் கெடு இன்னும் தொடங்கவே இல்லை என்றும், ஆவணங்களைத் தருமாறும் கேட்டோம். 26 நோட்டுகளுக்குப் போர்ட்டலில் 7 நாள் ஏற்கெனவே கடந்திருந்த நிலையில், அந்த விதியிலிருந்த ‘ஆதார ஆவணங்களோடு’ என்ற சொற்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

ஏப்ரல் 2024: நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது

ஆவணங்கள் தவணை தவணையாக வந்தன. அவற்றை நிறுவனத்தின் டெஸ்பாட்ச் பதிவேடு, கிடங்கு தந்த சரக்குப் பெற்ற ரசீது, லாரி ரசீது, சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணு ஆவணமான ஈ-வே பில் ஆகியவற்றோடு ஒப்பிட்டோம்.

திரும்பிய சரக்கு என்று சொல்லப்பட்ட 23 நோட்டுகளில் 5 நோட்டுகள், ₹1.12 லட்சம், முழுக்க உண்மையானவை. இறக்கும்போதே பாக்கெட் கிழிந்திருந்ததாக ரசீதில் குறிப்பு இருந்தது; சரக்கு ஆலைக்குத் திரும்பி வந்து பதிவாகியும் இருந்தது. அடுத்த 8 நோட்டுகள், ₹4.70 லட்சம், கிடங்கின் கேட் பாஸை மட்டுமே காட்டின. அந்தக் கேட் பாஸில் சரக்கைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆலையில் சரக்கு இறங்கியதற்கான பதிவும் இல்லை. இவற்றில் மூன்று நோட்டுகள் தனித்தனியே ₹1 லட்சத்துக்கு மேற்பட்டவை. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்துக்கு அந்த வரம்பைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும். எதிர்த்தரப்பு நம் ஜிஎஸ்டி எண்ணைப் பெறுபவராகக் காட்டி ஈ-வே பில் எடுத்தால் அது நம் கணக்கிலும் தெரியும். அந்த மூன்றுக்கும் அப்படி எதுவும் எடுக்கப்படவில்லை.

மேலும் 4 நோட்டுகள், ₹1.38 லட்சம், பேட்ச் எண்ணிலேயே விழுந்தன. ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். 19 பிப்ரவரி 2024 தேதியிட்ட நோட்டு, 200 கிராம் சாம்பார்ப்பொடியின் ஒரு பேட்ச் காலாவதியானதால் திருப்பப்பட்டதாகச் சொன்னது. அந்த பேட்ச் செப்டம்பர் 2023இல் அரைக்கப்பட்டது. பாக்கெட்டில் அச்சிட்ட ஆயுள் 9 மாதம். அதாவது ஜூன் 2024 வரை விற்கலாம். இதைவிட முக்கியமாக, அந்த பேட்சின் ஒரு பெட்டிகூட இந்தச் சங்கிலிக்குப் போகவில்லை. முழுவதும் கோயம்புத்தூர் விநியோகஸ்தருக்கு அனுப்பப்பட்டிருந்தது. பேட்ச் வாரியாக டெஸ்பாட்ச் எழுதும் பழக்கம் அந்த ஆலையில் இருந்ததால்தான் இதை நிறுவ முடிந்தது. மீதி 6 நோட்டுகள், ₹1.74 லட்சம், உண்மையிலேயே காலாவதியான சரக்குக்கானவை. ஆனால் அதற்காகவே 2 சதவீத அலவன்ஸ் ஏற்கெனவே தரப்பட்டுவிட்டதால், அது ஒரே இழப்புக்கு இரண்டு முறை பணம் பிடித்ததாகவே ஆகும்.

மார்ஜின் நோட்டுகளின் கதை வேறு. சங்கிலி கணக்கிட்ட முறையைப் புரிந்துகொள்ள ₹100 எம்ஆர்பி உள்ள ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 25 சதவீத மார்ஜினில் அது வரி உட்பட ₹75க்கு அவர்களிடம் போய்ச் சேர்கிறது. அவர்கள் தங்கள் முடிவில் அதை ₹88க்கு விற்கிறார்கள். இப்போது ₹88இல் 25 சதவீதம் கிடைக்க வேண்டுமானால் வாங்கிய விலை ₹66 ஆக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, ₹9ஐ ‘ஷார்ட்ஃபால்’ என்று கழித்துவிடுகிறார்கள். ₹12 தள்ளுபடியில் ₹9ஐச் சப்ளையர் சுமக்கிறார். விலையைக் குறைக்கும் முடிவில் அவருக்குப் பங்கே இல்லை. ஒப்பந்தம் 25 சதவீதம் என்று சொன்னது எம்ஆர்பி மீது; எந்த விலைக்கு விற்றாலும் அந்த விகிதம் கிடைக்கும் என்று உத்தரவாதம் தரும் வரி அதில் எங்குமே இல்லை.

இந்தப் பிரிவில் ஒரு நோட்டுக் குழுவுக்கு மட்டும் ஒப்புதல் இருந்தது. 2023 ஆயுதபூஜை, தீபாவளிக் காலத்தில் சாம்பார்ப்பொடிக்கு 10 சதவீதத் தள்ளுபடி தருவதென்றும், அதில் பாதியை, அதாவது பாக்கெட்டுக்கு ₹5ஐ, உற்பத்தியாளர் ஏற்பதென்றும், காலம் அக்டோபர் 20 முதல் நவம்பர் 12 வரை என்றும் உரிமையாளரின் மகன் மின்னஞ்சலில் சம்மதித்திருந்தார். அந்த நாட்களில் விற்றவை 19,200 பாக்கெட்டுகள். தர வேண்டியது ₹96,000. சங்கிலியோ டிசம்பர் வரை விற்ற 28,000 பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு, பாக்கெட்டுக்கு ₹7.50 வீதம் ₹2.10 லட்சம் பிடித்திருந்தது. கூடுதலாகப் பிடித்தது ₹1.14 லட்சம். மீதி ₹3.58 லட்சத்துக்கு எந்த ஒப்புதலும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைகளின் விலைக்கு இணையாகத் தாங்களே குறைத்தவை அவை.

ஆக, ₹2.08 லட்சம் நியாயமான கழிவு, ₹12.54 லட்சம் தகராறுக்குரியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நியாயமான ₹2.08 லட்சத்தை முதல் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டோம். மொத்தத்தையும் மறுத்துவிட்டுப் பேரம் பேசலாம் என்று ஒரு வழக்கறிஞர் யோசனை சொன்னார். நான் அதை விரும்பவில்லை. உண்மையானவற்றை நாமே பிரித்துக் காட்டினால்தான் மற்றவற்றைப் பற்றி நாம் சொல்வதை எதிர்த்தரப்பின் நிதிப் பிரிவும், பின்னால் தகராறை விசாரிக்கும் மன்றமும் நம்பிக்கையோடு படிக்கும்.

அடுத்து ஜிஎஸ்டி. முழு ₹14.62 லட்சத்துக்கும், பில் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் ஆவணமான கிரெடிட் நோட்டை உடனே போடுமாறு சங்கிலியிலிருந்து நினைவூட்டல்கள் வந்துகொண்டிருந்தன. இங்கேதான் பல சப்ளையர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரி மதிப்பைக் குறைக்கும் கிரெடிட் நோட்டைச் சப்ளையர்தான் வெளியிட முடியும். வாங்குபவர் அனுப்பும் டெபிட் நோட் வணிகக் கோரிக்கை மட்டுமே. நாம் கிரெடிட் நோட் போட்டுவிட்டால், சரக்குத் திரும்பியது என்று நம் கையாலேயே எழுதிக்கொடுத்தது போலாகும். எனவே உண்மையில் திரும்பிவந்த ₹1.12 லட்சத்துக்கு மட்டும் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டோம். தீபாவளித் தள்ளுபடிக்கான ₹96,000, சரக்கில் பெரும்பகுதி சப்ளை ஆன பிறகு ஒத்துக்கொண்டது என்பதால், வரியைத் தொடாத வணிகக் கிரெடிட் நோட்டாகக் கொடுத்தோம்.

ஏப்ரல் கடைசியில் சங்கிலியின் தணிக்கையாளரிடமிருந்து நிலுவையை உறுதிப்படுத்தும் கடிதம் வந்தது. மார்ச் 31 அன்றைய நிலுவை, எல்லாக் கழிவுகளும் போக, அதில் அச்சிடப்பட்டிருந்தது. கணக்காளர் வழக்கம்போல முத்திரையிட்டு அனுப்பத் தயாராக இருந்தார். அதை நிறுத்தி, நம் லெட்ஜரின்படி உள்ள தொகையை எழுதி, வித்தியாசம் ₹12.54 லட்சம் தகராறில் உள்ளது என்ற பட்டியலை இணைத்து, தணிக்கையாளருக்கே நேரடியாக அனுப்பினோம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய நிலுவையையும் வட்டியையும் ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும் என்று எம்எஸ்எம்இ சட்டத்தின் 22ஆம் பிரிவு வாங்குபவரைக் கட்டாயப்படுத்துகிறது. கொள்முதல் பிரிவு கவனிக்காத எங்கள் ஆட்சேபத்தை நிதிப் பிரிவின் மேசைக்குக் கொண்டுசென்றது இந்தக் கடிதம்தான் என்பது என் கணிப்பு. அதன் பிறகுதான் அங்கிருந்து ஒரு மூத்த அலுவலர் பேச முன்வந்தார்.

சப்ளையை முழுவதும் நிறுத்தவில்லை. ஆனால் புதிய பர்ச்சேஸ் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும், டெபிட் நோட்டுக்கு எழுத்துபூர்வமான முன் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு பதில் அனுப்பிய பிறகே சரக்கு ஏற்றப்பட்டது. அளவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. 38 சதவீத விற்பனையை ஒரே நாளில் இழக்கும் நிலையில் ஆலை இல்லை.

ஜூலை 2024: வசதியாக்க மன்றம்

பேச்சுவார்த்தை இரண்டு மாதம் நீண்டு, ‘போர்ட்டலில் ஏற்கப்பட்டுவிட்டது’ என்ற ஒரே பதிலில் முட்டி நின்றது. ஜூலையில், தாமதப் பணம் பற்றிய புகார்களுக்கான அரசின் சமாதான் போர்ட்டல் வழியாக, எம்எஸ்எம்இ சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்தோம். ஒப்பந்தத்தில் தகராறுகளை வேறு மாநிலத் தலைநகரில் நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும் என்ற விதி இருந்தது. ஆயினும் சப்ளையர் இருக்கும் இடத்தின் மன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்பதையும், இந்தச் சட்டம் தனிப்பட்ட நடுவர் ஒப்பந்தத்துக்கு மேற்பட்டது என்பதையும் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருந்தது. ஒப்பந்தத்துக்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததும், உற்பத்தியாளர் என்பதும் இங்கே தீர்மானகரமானவை. மொத்த, சில்லறை வணிகர்களுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் தாமதப் பணம் பற்றிய இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

எங்கள் வாதத்தின் மையம் எளிமையானது. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லாவிட்டால், வந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகச் சட்டம் கருதுகிறது. அதிலிருந்து பணத்துக்கான கெடு ஓடத் தொடங்குகிறது. இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மன்றத்தில் மறைக்கவில்லை. சரக்கைப் பின்னால் திருப்பி அனுப்பும் உரிமை ஒப்பந்தத்தில் தனியாகத் தரப்பட்டிருந்தால், 15 நாள் விதி மட்டும் அதை அழித்துவிடாது. இங்கே அப்படி ஓர் உரிமை இல்லை. அதற்குப் பதிலாகத்தான் 2 சதவீத அலவன்ஸ் இருந்தது. கழித்துக்கொள்ளும் விதியைப் பொறுத்தவரை, அது ‘சப்ளையர் தர வேண்டிய தொகை’க்கு மட்டுமே பொருந்தும் என்றும், ஒரு தரப்பு தானே எழுதிக்கொண்ட கோரிக்கை அத்தகைய தொகை ஆகாது என்றும் சொன்னோம்.

எதிர்த்தரப்பு மூன்று தளங்களில் யோசித்திருக்க வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி; விகிதம் அப்போது 6.75 சதவீதமாக இருந்ததால் ஆண்டுக்கு 20.25 சதவீதம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் போவதென்றால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மேலும், தங்கள் கேட் பாஸ்களில் கையெழுத்து இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை: வாங்குபவர் அதே மன்றத்தில் எதிர்க்கோரிக்கை வைக்க முடியும்.

முடிவு

சமரச அமர்வில் சங்கிலி ஒரு லாரி ரசீதைக் காட்டியது. ₹60,000 மதிப்புள்ள ஒரு திருப்பத்துக்கு ஆலையின் காவலாளி கையெழுத்திட்டிருந்தார். விசாரித்தபோது பெட்டிகள் பின்பக்கக் கொட்டகையில் பதிவாகாமல் கிடந்தது தெரியவந்தது; அந்தத் தொகையை அங்கேயே விட்டுக்கொடுத்தோம். கேட் பாஸை மட்டும் காட்டிய ₹4.70 லட்சத்தில் மற்ற ₹4.10 லட்சத்துக்கு அவர்களிடம் ஆவணம் இல்லாததால், அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டனர். பேட்ச் பொருந்தாத ₹1.38 லட்சம், அலவன்ஸில் அடங்கிய ₹1.74 லட்சம், தள்ளுபடியில் கூடுதலாகப் பிடித்த ₹1.14 லட்சம் ஆகிய மூன்றையும் அவர்கள் முழுவதும் ஏற்றனர். ஒப்புதலற்ற விலைக் குறைப்பு ₹3.58 லட்சத்தில் ₹2.14 லட்சம் தர முன்வந்தனர். மொத்தம் ₹10.50 லட்சம், இரண்டு தவணைகளில். முடிவு ஜனவரி 2025இல் எட்டப்பட்டது.

வட்டியை விட்டுக்கொடுத்தோம். தகராறுத் தொகைக்கு அந்தப் பத்து மாதத்தில் சட்டப்படி சேர்ந்திருக்கும் வட்டி சுமார் ₹2.28 லட்சம்; சிறிய இழப்பல்ல. அடுத்த கட்டமான நடுவர் விசாரணைக்குப் போனால் முழுத் தொகையும் வட்டியும் கிடைக்க வாய்ப்பு இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வங்கிக் கடனில் மிளகாய் வாங்கும் ஓர் ஆலைக்கு அடுத்த மிளகாய்ப் பருவத்துக்கு முன் கையில் வரும் பணம் முக்கியம் என்று உரிமையாளர் முடிவு செய்தார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. சமரசத்தை மன்றத்தின் முன் இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கையாக்கினோம். 1996ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின்படி அதற்கு நடுவர் தீர்ப்புக்கு நிகரான வலு உண்டு. தவணை தவறினால் மீண்டும் முதலிலிருந்து வழக்காட வேண்டியதில்லை. இரண்டு தவணைகளும் தேதிக்குள் வந்தன.

விலை கொடுக்காமல் இது கிடைக்கவில்லை. அவர்களுடைய கடைகளில் இருந்த 14 பொருட்களில் 5 அடுத்த மறுஆய்வில் நீக்கப்பட்டன. ஆர்டர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த இடத்தை விநியோகஸ்தர்கள் வழியாக நிரப்பும் வேலை இன்னும் நடக்கிறது.

மாற்றப்பட்டவையும் மாற வேண்டியவையும்

புதுப்பித்த ஒப்பந்தத்தில் கடன் காலம் 45 நாள் ஆனது. திருப்பும் சரக்குக்கு ஆலையின் பெயர் குறிப்பிட்ட அலுவலர் ஒருவரின் கையெழுத்தும் பேட்ச் எண்ணும் கட்டாயம். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் தேதி, பாக்கெட்டின் உச்ச எண்ணிக்கை, ஒரு பாக்கெட்டுக்கான தொகை ஆகிய மூன்றும் உள்ள தனிப் படிவத்தில் இரு தரப்பும் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். ஆட்சேபத்துக்கு 7 நாளுக்குப் பதிலாக 30 நாள், அதுவும் ஆதாரப் பட்டியல் ஏறிய நாளிலிருந்து.

ஆலைக்குள் செய்த மாற்றங்கள் எளியவை. பில்லிலேயே பேட்ச் எண் அச்சாகிறது. காவலாளி எந்தத் திருப்பத்துக்கும் கையெழுத்திடுவதில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் பெட்டிகளை எண்ணி, படம் எடுத்த பிறகே ஒப்பமிடுகிறார். திங்கட்கிழமைதோறும் கணக்காளர் வெண்டர் போர்ட்டலைத் திறந்து, புதிய நோட்டுகளுக்கு அன்றே பதில் பதிவு செய்கிறார். ஒப்புக்கொள்ளாத தொகை லெட்ஜரில் தனித் தலைப்பில் நிற்கிறது. வாடிக்கையாளர் கணக்கோடு கலப்பதில்லை.

ஒன்றில் மட்டும் நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை. சங்கிலி தன் முடிவில் விலையைக் குறைத்தால் அதன் சுமை முழுவதும் அதனுடையது என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதக் கேட்டோம்; ‘எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் கழிவு இல்லை’ என்ற அளவுக்கே அவர்கள் இறங்கிவந்தார்கள். அந்த ஒப்புதலைக் கேட்டு, புதிய ஆர்டரோடு சேர்த்தே மின்னஞ்சல்கள் வருகின்றன. அவற்றுக்கு உரிமையாளரே நேரில் பதில் எழுதுகிறார்; இதுவரை இரண்டை ஏற்று, மூன்றை மறுத்திருக்கிறார்.